தடைக்காலம் முடியும் ஞாயிறுக்கான பாவ அறிக்கையும் மன்னிப்பின் நிச்சயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சின்ன சபையில் பல வருடமாக ஆராதனை நடத்த உதவி வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்தத் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பும் முன்பு வருகிற ஞாயிறுக்கு நாங்கள் தனியாக ஒரு பாவ அறிக்கை எழுதிக்கொள்வது வழக்கம். அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்துச் சபைகளின் உபதேசியார்களும் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளும் கேட்ட கேள்விகள் இவை.

ஆராதனை முறைப் புத்தகத்துலதான் பாவ அறிக்கை இருக்கே அண்ணே, புதுசா எதுக்கு எழுதணும்?

எல்லா ஞாயிறுக்கும் எழுத வேண்டாம். புத்தகத்தில் இருப்பதை விட நாம் நன்றாக எழுதிவிடப் போவதும் இல்லை. காலை ஜெபத்தில் சபை முழுவதும் சேர்ந்து சொல்லும் பொது அறிக்கை 1552-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெப புத்தகத்தில் சேர்க்கப்பட்டது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோம், செய்யக் கூடாததைச் செய்தோம் என்று அதில் வரும் இரண்டு வரிக்குள் எந்த ஊர்ப் பாவமும் அடங்கிவிடும்.

ஆனால் எல்லாம் அடங்குவதாலேயே யாரும் எதையும் நினைக்காமல் சொல்லிவிட்டுப் போகலாம். ஒரு பெரியவர் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்: "அந்த ஜெபம் வாய்க்குத் தெரியும் தம்பி, எனக்குத் தெரியாது." வருடத்தில் மூன்று நான்கு முறை, அதாவது தடைக்காலம் முடியும்போது, சாம்பல் புதனன்று, அறுப்பின் பண்டிகைக்கு, அந்த நாளுக்கென்று எழுதினால், மற்ற ஞாயிறுகளில் பழைய ஜெபத்தைச் சொல்லும்போதும் ஏதாவது ஒரு முகம் நினைவுக்கு வரும். நாங்கள் எழுத ஆரம்பித்ததற்கு அதுதான் காரணம்.

ஜெபத்துல "நாம்"னு எழுதணுமா, "நாங்கள்"னு எழுதணுமா?

எனக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளில் பாதிக்கு மேல் திருத்துவது இந்த ஒரு சொல்லைத்தான்.

தேவனிடம் பேசும்போது "நாங்கள்". "நாம் பாவம் செய்தோம்" என்று அவரிடமே சொன்னால், கேட்கிற அவரையும் பாவிகளோடு சேர்த்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், அங்கிருந்து மொழிபெயர்க்கிறவர்கள் அடிக்கடி இங்கே வழுக்குகிறார்கள். நம் வேதாகமத்தில் தானியேல் 9-ஆம் அதிகாரத்து ஜெபம் "நாங்கள் பாவஞ்செய்து" என்றுதான் போகிறது. கர்த்தருடைய ஜெபத்திலும் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்".

ஆயர் சபையைப் பார்த்துப் பேசும்போது மட்டும் "நாம்" வரும். "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" என்று யோவான் எழுதுவது விசுவாசிகளுக்கு. ஆகவே ஜெபத்துக்கான அழைப்பில் "நாம்", ஜெபத்துக்குள் "நாங்கள்", மன்னிப்பு வாக்கில் "உங்கள்". எழுதி முடித்ததும் இந்தச் சொற்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு ஒருமுறை பாருங்கள். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது எங்கேயாவது குழம்பியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

எந்தப் பாவத்தையெல்லாம் பேர் சொல்லி எழுதலாம்? கடல் அட்டை, இரட்டைமடி எல்லாம் போடலாமா?

போடலாம். ஆனால் எப்படிப் போடுகிறீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். எங்கள் வாலிபர் ஒருவர் முதலில் எழுதியது இது:

"தடைசெய்யப்பட்ட இரட்டைமடி வலைகளைப் பயன்படுத்தியும், 2001 முதல் பாதுகாக்கப்பட்ட கடல் அட்டைகளைப் பிடித்தும், கடல் வளத்தை அழித்த எங்களை மன்னியும்."

தகவல் சரிதான். ஆனால் இது மீன்வளத்துறை அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கிறது. சட்டத்தை மீறியது வரியில் இருக்கிறது, யாருக்கு என்ன செய்தோம் என்பது இல்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. அட்டை விஷயத்தில் ஊருக்குள் மூன்று பேர் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். இந்த வரியைச் சொல்லும்போது சபையே அந்த மூன்று பேரைத் திரும்பிப் பார்க்கும்.

நானே ஒரு வருடம் இந்தத் தப்பைச் செய்தேன். ஒரு வீட்டுத் தகராறு ஊருக்கே தெரிந்திருந்த நேரம். அதைப் பற்றித்தான் என்று யாருக்கும் புரிகிற மாதிரி ஒரு வரியை வைத்துவிட்டேன். அந்த மனிதர் முழங்காலிலிருந்து எழுந்து வெளியே போனார். அப்புறம் பல வாரம் அவர் கோயில் பக்கம் வரவில்லை. அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டியவனாக நான்தான் ஆனேன்.

சரி, அந்த வரியை எப்படித் திருத்தினோம்? இரட்டைமடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டோம். அவசரம் இருக்கிறது, அடுத்தவனுக்கு மிச்சம் வைக்கக் கூடாது என்ற எண்ணம் இருக்கிறது. அது விசைப்படகுக்காரருக்கும் உண்டு, நாட்டுப்படகுக்காரருக்கும் உண்டு, மீனை எடை போடுகிற வியாபாரிக்கும் உண்டு. கடைசியில் இப்படி வந்தது:

"நீர் எல்லோருக்கும் தந்த கடலை எங்களுக்கு மட்டும் என்று வாரினோம். குஞ்சு மீன் சிக்கும் என்று தெரிந்தும் வலையை இறக்கினோம்."

இதில் சட்டமும் இல்லை, குறிப்பிட்ட ஆளும் இல்லை. ஆனால் இரட்டைமடி இழுத்தவனுக்கு எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தும்.

பாவங்களை ஐந்தாறுக்கு மேல் அடுக்காதீர்கள். நீளமான பட்டியலில், தன் பாவம் வராத ஒவ்வொரு வரியிலும் ஆள் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்.

நான் பள்ளிக்கூட டீச்சர். வலையே தொட்டதில்லை. "வலையை அறுத்தோம்"னு நான் ஏன் சொல்லணும்?

நல்ல கேள்வி டீச்சர். உங்கள் தனி அறிக்கை என்றால் சொல்ல வேண்டாம். சபையின் அறிக்கையில் சொல்லலாம். தானியேலும் அந்த ஜெபத்தில் தான் நேரில் செய்யாதவற்றுக்கும் "நாங்கள்" என்றே சொன்னார். சங்கீதம் 106-இல் "எங்கள் பிதாக்களோடுங்கூட நாங்களும்" என்று வருகிறது. அந்த மீனைச் சாப்பிட்டவர்கள் நாம், காணிக்கைப் பையில் அந்தக் காசை வாங்கியவர்களும் நாம்.

இருந்தாலும் எழுதுகிறவருக்கு இதில் ஒரு கடமை உண்டு. கடலுக்குப் போகாதவர்கள் தங்களுடையது என்று உணர்கிற இரண்டு வரியாவது இருக்க வேண்டும். கீழே உள்ள ஜெபத்தில் அடுப்பு வரியையும் கூலி வரியையும் சேர்த்தது அதற்காகத்தான். கருவாடு காயப்போடுகிற, பாசி எடுக்கிற பெண்களுக்குக் கொடுக்க வேண்டியதை இழுத்தடிப்பது படகே இல்லாதவர்களும் செய்கிற பாவம்.

கடலில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இருக்காங்க. அவங்க முன்னாடி எப்படி எழுதுறது?

புயலையோ விபத்தையோ பாவத்தின் தண்டனையாகக் காட்டுகிற ஒரு சொல்கூட வரக் கூடாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதைப் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்த ஊர் இது. "எங்கள் பாவத்தால் கடல் சீறியது" என்று ஒருவர் கவிதையாக எழுதிக்கொண்டு வந்தார். அதை வாசிக்கும்போது மூன்றாவது வரிசையில், கணவர் திரும்பி வராத ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் அதை எப்படிக் கேட்பார்கள்? சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, எருசலேமில் குடியிருந்த எல்லோரையும் விட அவர்கள் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று ஆண்டவரே பதில் சொல்லியிருக்கிறார் (லூக்கா 13). அதற்குப் பிறகு நாம் கணக்குப் போட வேண்டியதில்லை.

அதேபோல் இலங்கைக் கடற்படை, அரசாங்கம், பெரிய கம்பெனி ஆகியவற்றின் குற்றங்களும் இந்த இடத்துக்கு உரியவை அல்ல. அவற்றை விண்ணப்ப ஜெபத்தில் தாராளமாகச் சொல்லி அழலாம். பாவ அறிக்கையில் மற்றவர் குற்றத்தைச் சொன்னால் அது கோள் சொல்வதாகிவிடும்.

முழுசா ஒண்ணு எழுதிக் காட்டுங்களேன்.

போன முறை நாங்கள் பயன்படுத்தியதை அப்படியே தருகிறேன். தடைக்காலத்தில் வலையைக் கரையில் விரித்துப் பொத்துவது எல்லோரும் தினமும் பார்க்கிற காட்சி. அழைப்பை அதிலிருந்து எடுத்தோம்.

ஆயர்: கடலுக்குப் போகுமுன் வலையைக் கரையில் விரித்து, எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்க்கிறோம். நம்முடைய வாழ்க்கையையும் தேவனுக்கு முன்பாக விரிப்போம். முழங்காலிட்டு நம் பாவங்களை அறிக்கையிடுவோம்.

(மௌனம்)

சபையார்: எங்கள் பிதாவே,
நீர் எல்லோருக்கும் தந்த கடலை
எங்களுக்கு மட்டும் என்று வாரினோம்.
குஞ்சு மீன் சிக்கும் என்று தெரிந்தும்
வலையை இறக்கினோம்.
அடுத்தவர் வலையை அறுத்துவிட்டு
இருட்டில் தெரியவில்லை என்றோம்.
உழைத்தவர் கூலியை
நாளைக்கு நாளைக்கு என்றோம்.
குடித்து அழித்துவிட்டு
கடலில் பாடு இல்லை என்றோம்.
பக்கத்து வீட்டு அடுப்பு எரியாததைப் பார்த்தும்
கதவைச் சாத்திக்கொண்டோம்.
செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும்
எங்களை மன்னியும்.
உம்முடைய குமாரனாகிய இயேசுவின் நிமித்தம்
எங்களைச் சுத்திகரியும். ஆமென்.

ஆயர் (எழுந்து நின்று): தேவனுடைய வார்த்தையைக் கேளுங்கள். "அவர் திரும்ப நம்மேல் இரங்குவார், நம்முடைய அக்கிரமங்களை அடக்கி, நம்முடைய பாவங்களையெல்லாம் சமுத்திரத்தின் ஆழங்களில் போட்டுவிடுவார்." இயேசு கிறிஸ்துவின் நாமத்தினால் உங்களுக்குச் சொல்லுகிறேன்: உங்கள் பாவங்கள் மன்னிக்கப்பட்டன.

சபையார்: தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆமென்.

வரிகள் சின்னதாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நூறு பேர் சேர்ந்து சொல்லும்போது ஒரு மூச்சில் முடிகிற வரிதான் கலையாமல் வரும். நீளமான வரியில் முன் வரிசை முடித்த பிறகு பின் வரிசை இழுத்துக்கொண்டிருக்கும். எழுதியதும் வீட்டில் நான்கு பேரை வைத்துச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் குரல்கள் பிரிகிறதோ, அங்கே வரியை உடையுங்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் அதிகம் உள்ள சபையானால் பாவ வரிகளை ஆயரே சொல்லட்டும், ஒவ்வொன்றுக்கும் சபையார் "ஆண்டவரே, எங்களுக்கு இரங்கும்" என்றால் போதும். தாளைப் பார்க்காமல் சொல்வது தனி அழகு.

மௌனம் எத்தனை நேரம் விடணும்? சும்மா நின்னா ஜனங்க இருமுறாங்க.

இருமட்டும். அரை நிமிடமாவது விடுங்கள். முன்னால் நிற்பவருக்கு அரை நிமிடம் ஐந்து நிமிடம் போலத் தோன்றும், அதனால் அவசரப்பட்டுப் பத்து வினாடியில் ஆரம்பித்துவிடுவார். மனதுக்குள் கர்த்தருடைய ஜெபத்தை மெதுவாக ஒருமுறை சொல்லி முடித்தால் நேரம் சரியாக இருக்கும். கீபோர்டு வாசிக்கும் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அமைதி வந்தாலே நிரப்ப வேண்டும் என்று அவருக்குக் கை துறுதுறுக்கும்.

ஆயர் அன்னைக்கு வேற சபைக்குப் போயிட்டா, உபதேசியார் மன்னிப்பு சொல்லலாமா?

மன்னிப்பின் நிச்சயத்தைச் சொல்லலாம், ஆனால் ஆயர் சொல்கிற விதத்தில் சொல்லக் கூடாது என்பது ஆங்கிலிக்கன் வழியில் வந்த சபைகளின் ஒழுங்கு. 1552 புத்தகத்தில் "ஊழியர்" சொல்ல வேண்டும் என்றிருந்த குறிப்பு, 1662-இல் "குருவானவர் மட்டும்" என்று மாறியது. குரு நின்றபடி சொல்வார், மக்கள் முழங்காலிலேயே இருப்பார்கள். லுத்தரன் முறையிலும், அழைக்கப்பட்டு அபிஷேகம் பெற்ற ஊழியன் என்ற முறையில் தன் பொறுப்பைச் சொல்லித்தான் போதகர் மன்னிப்பை அறிவிக்கிறார்.

உபதேசியார் நடத்தும்போது வழக்கமாகச் செய்வது, "உங்கள்" என்ற இடத்தில் "நம்" போடுவது: "நம் பாவங்களை மன்னிக்கிறார் என்று அவருடைய வார்த்தை நமக்குச் சொல்கிறது." தானும் முழங்காலிலேயே இருந்து சொல்லலாம். வேத வசனம் அப்படியே இருக்கும். ஜனங்களுக்கு மன்னிப்பு குறைந்துவிடாது, யார் சார்பில் யார் பேசுகிறார் என்பது மட்டும் மாறுகிறது.

"மன்னிப்பாராக"னு முடிக்கிறதா, "மன்னிக்கிறார்"னு முடிக்கிறதா?

இரண்டுமே பழைய வழக்கம்தான். 1662 புத்தகத்தின் காலை ஜெபத்தில் "மன்னிக்கிறார்" என்ற அறிவிப்பு வருகிறது. அதே புத்தகத்தின் திருவிருந்து முறையில் "மன்னிப்பாராக" என்று வேண்டுதலாக வருகிறது. நோயாளியைச் சந்திக்கும் முறையில் "நான் உன்னை விடுவிக்கிறேன்" என்று மூன்றாவதும் ஒன்று உண்டு.

என் சொந்த அபிப்பிராயம்: சாதாரணமாக "மன்னிப்பாராக" நல்லது, ஆனால் தடைக்காலம் முடியும் ஞாயிறு மாதிரி நாட்களில் அது போதாது. தமிழ்க் காதுக்கு "-ஆக" என்று முடிவது வாழ்த்து. கல்யாணத்தில் சொல்கிற மாதிரி, நடக்கலாம், நடக்காமலும் போகலாம். நாளைக்குக் கடலில் இருக்கப் போகிறவனுக்கு முடிந்துபோன காரியம் காதில் விழ வேண்டும். திமிர்வாதக்காரனிடம் இயேசு சொன்னதும் அப்படித்தான்: "உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது" (மாற்கு 2). அவர் அதை வாழ்த்தாகச் சொல்லவில்லை.

இங்கே அடிக்கடி நடக்கிற இன்னொரு பிழை, மன்னிப்பு வாக்கோடு புத்திமதியை ஒட்டுவது. "இனி இப்படி நடக்காமல் இருந்தால்..." என்று ஒரு "ஆல்" உள்ளே நுழைந்தவுடன் சபை முகம் தொங்கிவிடும். புத்திமதிக்குப் பிரசங்கம் இருக்கிறது.

ஆழத்துல போட்டுவிடுவார்னு மீகா சொல்றது இந்தக் கரையில எடுபடுமா? பாக் நீரிணைப் பக்கம் ஆழமே இல்லையே!

இதே கேள்வியை ஒரு மீனவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இழுவைமடி போட்டா அதுவும் மேல வந்துடும் ஐயா." வடகரையில் அந்தச் சிரிப்பு நியாயம்தான், அங்கே அடித்தரையை மடி தொடாத இடம் குறைவு. அதற்காகவே நான் இந்த வசனத்தை விடுவதில்லை. மனிதன் போட்ட பாவத்தை மனிதன் மறுபடி இழுத்துக் கரையில் கொட்டுவான், ஊர்க்கூட்டத்தில் பத்து வருடக் கதையை எடுப்பான். மீகா சொல்கிற ஆழம் தேவன் போடுகிற ஆழம். அதுவே உங்கள் சபைக்கு விளையாட்டாகத் தெரிந்தால் சங்கீதம் 103-ஐ எடுங்கள்: "மேற்குக்கும் கிழக்குக்கும் எவ்வளவு தூரமோ". கச்சான் அடிக்கும் திசை மேற்கு, கொண்டல் வரும் திசை கிழக்கு என்று காற்றைப் பார்த்து வாழ்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஊர்ல முக்கால்வாசி கத்தோலிக்கர். சேர்ந்து ஜெபிக்கிற நாள்ல இதையே சொல்லலாமா?

சொல்லலாம், இரண்டு திருத்தத்தோடு. "தேவன்", "பிதாவே" என்பதை "இறைவன்", "தந்தையே" என்று மாற்றுங்கள், அல்லது இரு பக்கமும் சொல்கிற "ஆண்டவரே"யை வையுங்கள். திருப்பலியில் அவர்கள் சொல்லும் அறிக்கை, "சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும்" என்று "நான்" என்றே போகும், கூடவே "சகோதர சகோதரிகளே உங்களிடமும்" என்று பக்கத்தில் நிற்பவரிடமும் ஒப்புக்கொள்ளும். எனக்கு அந்தச் சொற்றொடர் மேல் கொஞ்சம் பொறாமை உண்டு.

மன்னிப்பு வாக்கில் கவனம் தேவை. திருப்பலியின் தொடக்கத்தில் குரு சொல்லும் மன்னிப்பு வேண்டுதல், ஒப்புரவு அருளடையாளத்தின் பலனைக் கொண்டதல்ல என்று அவர்கள் சட்டமே சொல்கிறது. ஆகவே கூட்டு ஜெபத்தில் "மன்னிக்கப்பட்டன" என்று ஒருவர் அறிவிப்பதை விட, வேத வசனத்தை மட்டும் வாசித்து நிறுத்துவது இரு பக்கத்துக்கும் நேர்மையானது.

வலையை அறுத்தவன் ஞாயித்துக்கிழமை இந்த ஜெபத்தைச் சொன்னா கணக்கு தீர்ந்துடுமா?

தேவனிடம் தீரும். வலைக்காரனிடம் தீராது. எண்ணாகமம் 5-இல், பாவத்தை அறிக்கையிட்டவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தானோ அவனுக்கே கொடுக்கச் சொல்கிறது. பத்தாயிரம் ரூபாய் வலையை அறுத்தவன் பன்னிரண்டாயிரம் கொடுக்க வேண்டும். சகேயு நாலத்தனை என்றான்.

இதை ஜெபத்துக்குள் எழுத வேண்டாம். அறிவிப்பு நேரத்திலும் வேண்டாம். நாங்கள் செய்வது இதுதான்: மன்னிப்பு வாக்கு முடிந்ததும் எல்லோரும் எழுந்து ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்கிற நேரத்தைச் சற்று நீட்டி விடுகிறோம், ஆயர் பீடத்தை விட்டு இறங்குவதில்லை. போன முறை ஒரு விசைப்படகு சம்மாட்டி நடுப்பாதையைக் கடந்து எதிர் வரிசைக்குப் போனார். அங்கே ஒரு நாட்டுப்படகுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. ஆராதனை முடிந்து இரண்டு பேரும் ஒன்றாகப் படகுத்துறைப் பக்கம் போனார்கள், வலையை அளந்து பார்க்க.